வராதவர்களின் கடவுச்சொல்

2016 ஆகஸ்டில் டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் சுமார் 6 கோடியே 80 லட்சம் பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் கடவுச்சொல் பதிவுகளும் இணையத்தில் சுற்றுவது வெளியே தெரிந்தது. அவை 2012-இலேயே திருடப்பட்டவை. அந்தப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு வினோதமான ஒன்று கண்ணில் பட்டது. சுமார் 3 கோடியே 20 லட்சம் பேரின் கடவுச்சொற்கள் பிகிரிப்ட் என்ற வலுவான முறையில் காக்கப்பட்டிருந்தன. மீதிப் பேருடையவை ஷா-1 என்ற பழைய, வேகமான முறையிலேயே கிடந்தன. நிறுவனம் பழையதிலிருந்து புதியதற்கு மாறிக்கொண்டிருந்தபோது, பாதி வழியில் திருடு போயிருக்கிறது என்றே அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

அந்தப் பாதி ஏன் மாறவில்லை என்று கேட்டால், கடவுச்சொல் சேமிக்கப்படும் விதத்துக்குள் போக வேண்டும்.

ஒழுங்காக நடத்தப்படும் எந்தத் தளமும் உங்கள் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. அதை ஒரு கணக்கீட்டில் போட்டு அரைத்து, வரும் விழுதை மட்டும் வைத்துக்கொள்ளும். இந்த விழுதுக்கு ஹேஷ் என்று பெயர். அரிசியை மாவாக்கலாம், மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது. ஹேஷும் அப்படித்தான். நீங்கள் அடுத்த முறை வந்து கடவுச்சொல்லைத் தட்டும்போது தளம் அதை அதே விதமாக அரைத்துப் பார்க்கும். இரண்டு மாவும் ஒன்றாக இருந்தால் உள்ளே விடும். தளத்தை நடத்துபவருக்கே உங்கள் கடவுச்சொல் தெரியாது.

திருடன் கையில் மாவு கிடைத்தால் அவன் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஊகித்து ஊகித்து அரைத்துப் பார்ப்பது. எம்டி5 என்ற பழைய முறையில் 123456 என்ற கடவுச்சொல்லை அரைத்தால் எப்போதும் `e10adc3949ba59abbe56e057f20f883e` என்றே வரும். இந்த 32 எழுத்தைப் பார்த்ததுமே சொல்லிவிடக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் மாறும் ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்து அரைத்தால், ஒரே கடவுச்சொல் வைத்திருக்கும் இருவருக்கு வெவ்வேறு மாவு கிடைக்கும். தொழிலிலேயே இதற்கு உப்பு என்றுதான் பெயர். ஆனால் உப்பு மட்டும் போதாது. அரைக்கும் வேகமும் குறைய வேண்டும். 2022-இல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் அட்டை ஒன்று, நொடிக்கு ஏறக்குறைய 16,000 கோடி எம்டி5 ஊகங்களைச் சோதித்துவிடும். நீல்ஸ் ப்ரோவோஸும் டேவிட் மசியேரும் 1999-இல் வெளியிட்ட பிகிரிப்டில் ‘காஸ்ட்’ என்ற ஓர் எண் உண்டு. அதை ஒன்று கூட்டினால் வேலை இரட்டிப்பாகும். காஸ்ட் 12 என்று வைத்தால், அதே அட்டை நொடிக்குச் சுமார் 1,400 ஊகங்களோடு நின்றுவிடும்.

ஆகவே எம்டி5-இல் இருப்பதை பிகிரிப்டுக்கு மாற்ற வேண்டும். சிக்கல் இங்கேதான். தளத்திடம் மாவுதான் இருக்கிறது. புதிய ஆலையில் போட்டு அரைக்க அரிசி வேண்டும், அது உறுப்பினரிடம் இருக்கிறது. எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பி, கடவுச்சொல்லை மாற்றினால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லலாம். ஆனால் பாதிப் பேரின் மின்னஞ்சல் முகவரி பழையதாகியிருக்கும், மீதிப் பேரில் பலர் அந்தக் கடிதத்தையே மோசடி என்று நினைப்பார்கள். அப்படி நினைப்பதும் நியாயமே.

ஓசையில்லாத வழி ஒன்று உண்டு. உறுப்பினர் உள்ளே நுழையும் அந்த ஒரு கணத்தில் அரிசி தளத்தின் கைக்கு வருகிறது. முதலில் பழைய முறையில் அரைத்துச் சரிபார்க்க வேண்டும். சரியாக இருந்தால், கையில் இருக்கும் அதே கடவுச்சொல்லை உடனே புதிய முறையிலும் அரைத்து, பழைய மாவின் இடத்தில் வைத்துவிட வேண்டும். உறுப்பினருக்கு எதுவும் தெரியாது. அவர் வழக்கம்போல உள்ளே போய்விடுவார்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 2 லட்சம் உறுப்பினர்கள் கொண்ட ஒரு சங்கத்தின் தளம், பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது, எல்லா ஹேஷும் உப்பில்லாத எம்டி5. மாற்றத்துக்குத் தேவையான நிரல் இவ்வளவுதான்:

```php
$old = $row['hash'];
$ok = (strlen($old) === 32)
    ? hash_equals($old, md5($pw))
    : password_verify($pw, $old);

if ($ok && password_needs_rehash($old, PASSWORD_BCRYPT, ['cost' => 12])) {
    saveHash($id, $old, password_hash($pw, PASSWORD_BCRYPT, ['cost' => 12]));
}
```

எம்டி5 எழுத்துவடிவில் 32 எழுத்து நீளம், பிகிரிப்ட் 60. நீளத்தைப் பார்த்தே எந்த முறையில் சரிபார்ப்பது என்று நிரல் முடிவு செய்கிறது. `password_needs_rehash` என்பது 2013-இல் வந்த பிஎச்பி 5.5 முதலே மொழியோடு வருவது. இருக்கும் ஹேஷ் நாம் கேட்கும் தரத்தில் இல்லை என்றால் ஆம் என்று சொல்லும். சில வருடம் கழித்துக் காஸ்டை 13 ஆக்கினாலும் இதே வரி அந்த வேலையையும் பார்த்துக்கொள்ளும்.

`$ok &&` என்ற அந்தச் சின்னத் துண்டை யாரும் அலட்சியமாக நகர்த்திவிடக் கூடாது. சரிபார்க்கும் முன்பே புதிய ஹேஷை எழுதிவிட்டால், யார் எந்தக் கடவுச்சொல்லைத் தட்டினாலும் அதுவே அந்தக் கணக்கின் கடவுச்சொல்லாகிவிடும். திருடனுக்குச் சாவி செய்து கொடுத்த மாதிரி.

இன்னொரு விபத்து இதைவிட நுட்பமானது. எம்டி5 காலத்தில் தரவுத்தளத்தை அமைத்தவர், ஹேஷ் எப்போதும் 32 எழுத்துதானே என்று அந்தப் பத்திக்கு 32 எழுத்து அகலமே கொடுத்திருப்பார். கண்டிப்பு முறை அணைக்கப்பட்ட மைஎஸ்கியூஎல், 60 எழுத்து பிகிரிப்டை 32-ஆக வெட்டி எழுதிக்கொண்டு, ஓர் எச்சரிக்கையோடு போய்விடும். அந்த எச்சரிக்கையை யாரும் பார்ப்பதில்லை. இப்போது நடப்பதைக் கவனியுங்கள். உறுப்பினர் திங்கள்கிழமை வருகிறார், பழைய எம்டி5-இல் சரியாக நுழைகிறார், அவருடைய புதிய ஹேஷ் வெட்டுப்பட்டு எழுதப்படுகிறது. செவ்வாய்க்கிழமை வருகிறார். நிரல் 32 எழுத்தைப் பார்க்கிறது, எம்டி5 என்று நினைத்து ஒப்பிடுகிறது, இல்லை என்கிறது. நேற்று நுழைந்தேன், அதே கடவுச்சொல்தான், இன்று முடியவில்லை என்று தொலைபேசி வரும். இப்படி நேற்று முடிந்து இன்று முடியாத புகார்கள் வரிசையாக வந்தால், முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பத்தியின் அகலத்தைத்தான். வெட்டுப்பட்ட ஹேஷை மீட்க வழியில்லை. பத்தியை 255 எழுத்தாக அகலப்படுத்திவிட்டு நிரலை ஏற்றுவதுதான் சரியான வரிசை.

இவ்வளவும் சரியாகச் செய்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முதல் வாரம் உற்சாகமாக இருக்கும். அன்றாடம் வருபவர்கள் எல்லோரும் மாறிவிடுவார்கள். அடுத்த மாதம் வேகம் குறையும். ஆறாவது மாதத்தில் நாளுக்குச் சிலர்தான் மாறுவார்கள். பிறகு அந்த எண்ணிக்கை ஏறக்குறைய நின்றே போகும். ஒரு முறை பதிவு செய்துவிட்டு மறந்தவர்கள், ஊர் மாறியவர்கள், இறந்துபோனவர்கள் யாரும் வரப்போவதில்லை. வருகிறவர்களிலும் ஒரு கூட்டம் மாறாது. கைபேசியில் ‘என்னை நினைவில் வை’ என்ற பொத்தானை அழுத்தியவர்கள் தினமும் தளத்தில் இருக்கிறார்கள், ஆனால் கடவுச்சொல்லைத் தட்டுவதே இல்லை. தளம் அவர்களுடைய அரிசியைப் பார்ப்பதே இல்லை.

இவர்களுடைய கடவுச்சொற்கள்தான் உண்மையில் ஆபத்தானவை. பத்து வருடத்துக்கு முன் ஒரு தளத்தில் கொடுத்த அதே கடவுச்சொல்லை இன்றும் மின்னஞ்சலுக்கு வைத்திருப்பவர்கள் நம் வீட்டிலேயே இருப்பார்கள். அந்தக் கணக்கை அவர் மறந்துவிட்டார், திருடன் மறக்கமாட்டான். நுழையும்போது மாற்றும் வழி, தன்னைத் தேடி வருபவரை மட்டும் காக்கிறது. வராதவரைப் பலவீனமான பூட்டோடு விட்டுவிடுகிறது. இந்த வழியைப் பற்றி எழுதுகிற பலர் மேலே கொடுத்த நிரலோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பாதி வேலை என்பது என் கருத்து.

மீதிப் பாதிக்கும் வழி இருக்கிறது. மாவை அரிசியாக்க முடியாது, ஆனால் மாவையே இன்னொரு முறை அரைக்கலாம் அல்லவா? பழைய எம்டி5 ஹேஷையே ஒரு கடவுச்சொல்லாகப் பாவித்து, அதை பிகிரிப்டில் போட்டு, வருவதைச் சேமித்துவிட்டு எம்டி5-ஐ அழித்துவிட வேண்டும். இதற்கு யாரும் நுழைய வேண்டியதில்லை. ஒரே இரவில் மொத்தப் பட்டியலையும் மூடிவிடலாம்.

நம் சங்கத் தளத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காஸ்ட் 12-இல் ஒரு ஹேஷுக்குக் கால் நொடி ஆகிறது என்று வைத்தால், 2 லட்சம் பேருக்கு 50,000 நொடி, அதாவது ஏறக்குறைய 14 மணி நேரம். நான்கு செயலிக் கருக்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் மூன்றரை மணி நேரம். இரவு பதினொன்றுக்குத் தொடங்கினால் விடிவதற்குள் முடிந்துவிடும். மூடப்பட்டவற்றை அடையாளம் காண முன்னால் `md5:` என்று நான்கு எழுத்தைச் சேர்த்து வைக்கலாம். அப்படிப்பட்டவர் நுழையும்போது நிரல் அவர் தட்டியதை முதலில் எம்டி5-இல் அரைத்து, அதன் பிறகு பிகிரிப்டோடு ஒப்பிடும். சரி என்றால், முன்பு சொன்னபடியே கடவுச்சொல்லை நேராக பிகிரிப்டில் அரைத்து எழுதி, அந்த `md5:` அடையாளத்தை எடுத்துவிடும்.

இரவில் வேலை ஓடும்போதும் யாராவது நுழைந்து கடவுச்சொல்லை மாற்றலாம். அவர் புதிதாக எழுதியதன் மேல் இந்த வேலை பழையதை மூடி எழுதிவிடக் கூடாது. அதனால் எழுதும் கட்டளையில், ‘நான் படித்தபோது இருந்த ஹேஷே இன்னும் இருந்தால் மட்டும் மாற்று’ என்ற நிபந்தனை கட்டாயம் வேண்டும். மேலே `saveHash`-க்குப் பழைய ஹேஷையும் சேர்த்துக் கொடுத்தது இதற்காகத்தான். இன்னொன்று, எம்டி5-ஐ அதன் 32 எழுத்து வடிவிலேயே பிகிரிப்டுக்குக் கொடுக்க வேண்டும். இடத்தை மிச்சப்படுத்த 16 பைட் மூல வடிவில் கொடுத்தால், நடுவில் ஒரு பூஜ்ய பைட் வந்ததும் பல பிகிரிப்ட் நிரல்கள் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடும், பின்னால் இருப்பது கணக்கிலேயே வராது.

இந்த வழி புதிதல்ல. ஃபேஸ்புக் தொடக்கத்தில் எம்டி5-இல் இருந்து, பிறகு அதன் மேல் உப்புச் சேர்த்த ஓர் உறை, அதன் மேல் தனி இயந்திரத்தில் இருக்கும் ரகசியத்தோடு ஓர் உறை, அதன் மேல் எஸ்கிரிப்ட் என்று அடுக்கிக்கொண்டே போனதை, அங்கே பணியாற்றிய அலெக் மஃபெட் 2014-இல் நார்வேயின் ட்ரோன்ஹெய்மில் நடந்த கடவுச்சொல் மாநாட்டில் விளக்கினார். வெங்காயம் மாதிரியான அடுக்கு. பைத்தான் உலகில் பரவலாகப் பயன்படும் ஜாங்கோவின் கையேட்டிலேயே, நுழைவுக்குக் காத்திராமல் பழைய ஹேஷை உறையிட்டு மூடுவது எப்படி என்று ஒரு பகுதி இருக்கிறது.

அப்படியானால் உறையோடே விட்டுவிடலாமே, நுழையும்போது ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஒரே ஆள் இன்னொரு தளத்திலும் அதே கடவுச்சொல்லை வைத்திருந்து, அந்தத் தளம் உப்பில்லாத எம்டி5-ஐப் பறிகொடுத்திருந்தால், திருடனிடம் அந்த எம்டி5 ஏற்கெனவே இருக்கும். கடவுச்சொல் என்ன என்று அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்த எம்டி5-ஐ நம் உறைக்குள் போட்டு ஒரே ஒரு முறை பார்த்தால் போதும். பொருந்திவிட்டால் உறை கழன்றது. பிறகு நொடிக்கு 16,000 கோடி வேகத்தில் எம்டி5-ஐ மட்டும் உடைத்துக்கொள்வான். ஆங்கிலத்தில் இதற்கு உமி உரித்தல் என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். எனவே உறை என்பது வராதவர்களுக்கான தற்காலிகக் கூரை. வருகிறவர்களுக்கு நேரான பிகிரிப்டையே கொடுத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் மாற்றம் முழுமையாகும்.

முழுமை என்றால் பழையதன் சுவடு எங்கும் மிஞ்சக் கூடாது என்பதும் அதில் அடங்கும். திருமணமானவர்களின் ரகசியத் தொடர்புக்கென்றே நடந்த ஆஷ்லி மேடிசன் தளம் 2015-இல் திருடப்பட்டபோது, அதன் கடவுச்சொற்கள் பிகிரிப்ட் காஸ்ட் 12-இல் இருந்தன. உடைக்கவே முடியாது என்று முதலில் எல்லோரும் கைவிட்டார்கள். சைனோஷூர் பிரைம் என்ற குழு நிரலைப் படித்துப் பார்த்தது. தானாக உள்ளே நுழைய உதவும் வேறொரு சாவி, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சிறிய எழுத்தாக்கி எம்டி5-இல் அரைத்து, பக்கத்துப் பத்தியில் சேமிக்கப்பட்டிருந்தது. 2012-இல் அந்த நிரலைத் திருத்தியிருந்தார்கள், ஆனால் அதற்கு முன் உருவான சாவிகளை யாரும் மாற்றவில்லை. அந்த ஓட்டை வழியாக ஏறக்குறைய பத்தே நாளில் 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் வெளியே வந்துவிட்டன. முன்வாசலில் எஃகுக் கதவு போட்டுவிட்டுப் பழைய மரக்கதவைக் கொல்லையில் விட்டது போல. பக்கத்துப் பத்திகள், பதிவேடுகள், மாதாமாதம் எடுத்து வைக்கும் காப்புப் பிரதிகள் எல்லாவற்றிலும் பழைய ஹேஷ் இருக்கும். மாற்றத்துக்கு முந்தைய காப்புப் பிரதியை அழிக்க ஒரு தேதி குறிக்காதவர் மாற்றத்தை முடிக்கவில்லை.

தேதி இன்னொன்றுக்கும் வேண்டும். உறையிட்ட கணக்குகளில் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று வராமலே இருப்பவற்றின் ஹேஷை அழித்துவிடலாம். கணக்கு அப்படியே இருக்கும். அவர் என்றாவது வந்தால் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்ற வழியில் மின்னஞ்சல் மூலம் உள்ளே வருவார். எல்லோரையும் தொந்தரவு செய்வதற்கும், பல வருடம் எட்டிப் பார்க்காத ஒருவரை ஒரு முறை புதிதாக வைக்கச் சொல்வதற்கும் எவ்வளவோ வித்தியாசம்.

வாசகர்களில் பலர் வேர்ட்பிரஸில் தளம் நடத்துவீர்கள். 2025 ஏப்ரலில் வந்த 6.8 பதிப்பு, அதுவரை இருந்த எம்டி5 வழிவந்த முறையை விட்டு பிகிரிப்டுக்கு மாறியது. நுழையும்போது மாற்றும் அதே ஓசையில்லாத வழியைத்தான் அது எடுத்திருக்கிறது. உங்கள் எழுத்தாளர்களும் உறுப்பினர்களும் நுழைய நுழையப் புதிய ஹேஷ் வந்துகொண்டிருக்கும், அவை `$wp$2y$` என்று தொடங்கும். நுழையாதவர்களுடையது பழையபடியே இருக்கும். பல வருடமாக எட்டிப் பார்க்காத பங்களிப்பாளர்களுக்கு நிர்வாகி உரிமை கொடுத்து வைத்திருந்தால், முதலில் கவலைப்பட வேண்டியது அவர்களைப் பற்றித்தான்.

சொந்தமாக எழுதிய தளம் என்றால், நிரலாளரிடம் இந்த ஒரு வரியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அட்டவணைப் பெயரையும் பத்தியின் பெயரையும் உங்கள் தளத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

```sql
SELECT LENGTH(hash), COUNT(*) FROM members GROUP BY LENGTH(hash);
```

நம் உதாரணத் தளத்தில் 60 என்று வருபவர்கள் புதியதற்கு வந்துவிட்டவர்கள். 64 என்பவர்கள் உறையில் இருப்பவர்கள், பிகிரிப்டின் 60-உம் அடையாளத்தின் நான்கும். 32 என்ற வரிசையில் ஓர் எண் தெரிந்தால், அத்தனை பேர் இன்னும் பழைய எம்டி5-இலேயே கிடக்கிறார்கள். அவர்கள் உங்கள் தளத்தை நினைவில் வைத்திருக்கமாட்டார்கள், அவர்களுக்காக நீங்கள்தான் இன்று இரவு அந்த வேலையை ஓட்ட வேண்டும்.